கறை போகட்டும், ரேகை இருக்கட்டும்

பட்டையால் பதனிட்ட தோலில் தண்ணீர் பட்டால் கறை விழும். மேல்பூச்சு இல்லாத தேன்நிறக் கைப்பை ஒன்றின் மூடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து தானாகக் காய்ந்தால், அங்கே நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் நின்றுவிடும். வட்டத்தின் உட்புறம் சற்றே கருத்திருக்கும். விளிம்பு அதைவிட அழுத்தமாகக் கருத்து, பென்சிலால் வரைந்த கோடுபோலத் தெரியும். தோலில் உள்ள டானினைத் தண்ணீர் கரைத்துக்கொள்கிறது. சொட்டின் ஓரம் நடுவைவிட வேகமாகக் காய்வதால், நடுவில் இருக்கும் நீர் ஓரத்தை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. போகிற போக்கில் கரைந்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மேசையில் சிந்திய காபி காய்ந்ததும் நடுவைவிட விளிம்பு கருத்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

இந்தப் பையைப் படமெடுத்து, கணினியில் அந்தக் கறையை நீக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் முதலில் செய்வது, பக்கத்திலிருக்கும் நல்ல இடத்தின் நிறத்தை எடுத்து மென்மையான பிரஷ்ஷால் கறைமேல் பூசுவது. நிறம் சரியாகிவிடும். ஆனால் அந்த இடத்தில் தோல் இருக்காது. சுற்றிலும் நுண்துளைகளும் மெல்லிய சுருக்கங்களும் இருக்க, நடுவில் மட்டும் மெழுகு தடவியதுபோல ஒரு வழுவழுப்பு. கறை இருந்தபோது 'கறை பட்ட தோல்' என்று பார்த்த கண், இப்போது 'ஏதோ செய்திருக்கிறார்கள்' என்று பார்க்கிறது.

தோல் தெரிந்தவர்கள் இதில் இன்னும் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்ட பழக்கம் நீண்ட காலம் இருந்த ஊர் இது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோலைத் தடவியே எந்த விலங்கினுடையது என்று சொல்பவர்கள் உண்டு. மாட்டுத் தோலில் மயிர்த்துளைகள் ஏறக்குறையச் சீராகப் பரவியிருக்கும். ஆட்டுத் தோலில் பெரிய துளைகளும் சிறிய துளைகளும் கூட்டாக, வரிசை வரிசையாக அமைந்திருக்கும். ஒரே தோலில்கூட முதுகுப் பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி தளர்வாகவும் இருக்கும். இவ்வளவு விவரமும் அந்த மேற்பரப்பில் எழுதியிருக்கிறது. பிரஷ்ஷால் பூசும்போது முதலில் அழிவது அதுதான்.

அழியாமல் கறையை மட்டும் எடுக்க ரீடச்சிங் செய்பவர்கள் கையாளும் முறைக்கு ஃப்ரீக்வென்சி செபரேஷன் என்று பெயர். ஒரு படத்தில் இரண்டு வகைச் செய்திகள் கலந்திருக்கின்றன. வெளிச்சம் எங்கே அதிகம், நிழல் எங்கே விழுகிறது, நிறம் எப்படி மெல்ல மாறிச் செல்கிறது என்பது ஒன்று. இது பரந்த பரப்பில் மெதுவாக மாறும். துளை, ரேகை, மயிர், கீறல் ஆகியவை இன்னொன்று. இவை சில பிக்சல்களுக்குள் சட்டென்று மாறும். இந்த இரண்டையும் வெவ்வேறு லேயர்களில் பிரித்து வைத்துவிட்டால், நிறத்தைத் தொடும்போது துளை அழியாது. துளையைத் திருத்தும்போது நிறம் கெடாது.

படங்களை இப்படிப் பிரிப்பது ஃபோட்டோஷாப்புக்கு முந்தைய யோசனை. பீட்டர் பர்ட், எட்வர்ட் அடெல்சன் என்ற இருவர் 1983-இல், ஒரு ஆப்பிள் படத்தின் பாதியையும் ஆரஞ்சுப் படத்தின் பாதியையும் தையல் தெரியாமல் ஒட்டிக் காட்டினார்கள். படத்தைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து, மெதுவாக மாறுவதை அகலமான எல்லையிலும் நுண்ணியதைக் குறுகிய எல்லையிலும் கலந்தார்கள். நம் கண்ணும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே கையாளுகிறது என்பதற்கு, ஓட் ஒலிவா குழுவினர் உருவாக்கிய புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. கிட்டே நின்று பார்த்தால் அது ஐன்ஸ்டைன். பத்தடி தள்ளிப்போய்ப் பார்த்தால் மர்லின் மன்றோ. ஐன்ஸ்டைனின் நுண்ணிய கோடுகளும் மன்றோவின் மங்கலான ஒளிநிழலும் ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன.

கைப்பைக்கு வருவோம். ஃபோட்டோஷாப்பில் படத்தின் லேயரை இரண்டு முறை நகலெடுத்து, கீழே இருப்பதற்கு 'நிறம்' என்றும் மேலே இருப்பதற்கு 'ரேகை' என்றும் பெயர் வைத்துக்கொள்ளலாம். மேலே இருப்பதை மறைத்துவிட்டு, நிற லேயருக்கு Gaussian Blur கொடுக்க வேண்டும். பிறகு ரேகை லேயரைத் திறந்து, Image மெனுவில் இருக்கும் Apply Image-ஐ எடுத்து, அதில் Layer என்ற இடத்தில் நிற லேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 8 பிட் படமாக இருந்தால் Blending என்பதில் Subtract, Scale 2, Offset 128. உடனே லேயர் முழுவதும் சாம்பல் நிறமாகி, அதில் துளைகளும் தையல் நூலும் மட்டும் புடைப்புச் சித்திரம்போல நிற்கும். அந்த லேயரின் கலப்பு முறையை Linear Light என்று மாற்றியதும் பழைய படம் அப்படியே திரும்பி வந்துவிடும். வரவில்லையென்றால் எங்கோ ஓர் எண் தவறு. அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

இந்த 2-ம் 128-ம் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், பாதிப் பிழைகளைத் தவிர்த்துவிடலாம். ஒரு பிக்சலின் வெளிச்சம் 150 என்று இருக்கட்டும். மங்கலாக்கிய பிறகு, சுற்றியிருப்பவற்றோடு கலந்து அதே இடம் 140 ஆகிறது. வித்தியாசம் 10. அதுதான் ரேகை. வித்தியாசம் சில இடத்தில் கழித்தல் குறியோடும் வரும். கழித்தல் எண்ணை லேயரில் எழுத முடியாது என்பதால், அதைப் பாதியாக்கி, நடுச்சாம்பலான 128-ஓடு கூட்டி எழுதுகிறார்கள். Linear Light அந்தப் பாதியை மறுபடி இரட்டிப்பாக்கி அடியில் இருக்கும் நிறத்தோடு சேர்க்கிறது.

```
150 − 140 = 10
10 ÷ 2 + 128 = 133
140 + 2 × (133 − 128) = 150
```

கறையை நீக்கி நிற லேயரில் 140-ஐ 160 ஆக்கினால், மேலே இருக்கும் 133 மாறுவதில்லை. விடை 170. அதாவது, அந்தத் துளையின் மேடு தன் சுற்றுப்புறத்தைவிட 10 அளவு வெளிச்சமாகவே தொடர்கிறது. இந்த முறையின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

வித்தியாசம் ஒற்றைப்படையாக, 15 என்று வந்தால் பாதி 7.5. 8 பிட்டில் அரையை எழுத இடமில்லை. ஒரு படி இழப்பாகும். கண்ணுக்குத் தெரியாத இழப்புதான். ஆனால் அதன்மேல் இன்னும் திருத்தங்கள் சேரும்போது மென்மையான பரப்பில் பட்டை பட்டையாகத் தெரிய வாய்ப்புண்டு. ஆகவே ரா ஃபைலில் இருந்து 16 பிட்டில் திறந்து வேலை செய்வது நல்லது. அப்போது Apply Image-இல் எண்கள் மாறும்: Invert-ஐ டிக் செய்து, Blending-இல் Add, Scale 2, Offset 0. கணக்கு அதேதான், நிற லேயரைத் தலைகீழாக்கிக் கூட்டிப் பாதியாக்குவது, கழித்துப் பாதியாக்கி நடுச்சாம்பலைச் சேர்ப்பதற்குச் சமம்.

இனி எவ்வளவு மங்கலாக்குவது என்ற கேள்வி. இதற்குப் பொதுவான எண் எதுவும் கிடையாது. இணையத்தில் யாரோ 10 என்று சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு போடுபவர்களின் படம்தான் பெரும்பாலும் கெடுகிறது. நம் கைப்பை 24 மெகாபிக்சல் கேமராவில், மூடி மட்டும் சட்டத்தை நிரப்பும்படி எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு துளை 6, 7 பிக்சல் அகலம். Gaussian Blur பெட்டியைத் திறந்து ஒன்றிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் துளைகள் கரைந்துபோய், மூடியின் வளைவும் அதன்மேல் விழும் வெளிச்சமும் மட்டும் நிற்கும். இந்தப் படத்தில் அது 8-க்குப் பக்கத்தில் வருகிறது. அங்கேயே நிறுத்த வேண்டும். அதே பையைத் தூரத்திலிருந்து எடுத்திருந்தால் துளை 2 பிக்சலாகச் சுருங்கியிருக்கும். அளவும் 3-க்கு வந்திருக்கும்.

குறைவாக வைத்தால் துளைகளில் பாதி நிற லேயரிலேயே தங்கிவிடும். நிறத்தைத் திருத்தும்போது அவையும் சேர்ந்து அழியும். அதிகமாக வைத்தால் நிழலும் கறையும் ரேகை லேயருக்குள் ஏறிக்கொள்ளும். அப்போது பிரித்ததன் பயனே இல்லை.

பிரித்தாகிவிட்டது. பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரேகை லேயரின் கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். பிறகு அதைத் திறந்து, Normal முறைக்கு மாற்றித் தனியாகப் பார்க்க வேண்டும். கறை எந்த லேயரில் குடியிருக்கிறது? நம் தண்ணீர்க் கறையின் விட்டம் 200 பிக்சல். அதன் உட்புற இருட்டு பரந்தது. அது முழுவதும் நிற லேயரில் இருக்கிறது. விளிம்புக் கோடோ 10 பிக்சல்தான். அதில் பெரும்பகுதி ரேகை லேயருக்குப் போய்விட்டது. சாம்பல் பரப்பில் ஒரு மெல்லிய வளையமாக அது தெளிவாகத் தெரிகிறது. ஒரே கறை, இரண்டு லேயர்களில் பங்கு பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கறை நிறம் சார்ந்தது, ஆகவே நிற லேயரில் மட்டும் வேலை போதும் என்று நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். உட்புறத்தை எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும், அந்த வளையம் ஆவிபோல அங்கேயே நிற்கும்.

முதலில் நிற லேயர். Clone Stamp கருவியை எடுத்து, Sample என்பதில் Current Layer என்று வைத்து, ஓரம் மென்மையான பெரிய பிரஷ்ஷோடு, Flow-வை 20, 30 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். நல்ல நிறத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பையின் மூடி வளைந்திருப்பதால் வெளிச்சம் மேலிருந்து கீழாகக் குறைந்துகொண்டே வருகிறது. கறைக்கு மேலே இருந்து எடுத்தால் திருத்திய இடம் வெளுக்கும். கீழே இருந்து எடுத்தால் கருக்கும். அதே உயரத்தில், இடமிருந்தோ வலமிருந்தோ எடுக்க வேண்டும். மெல்ல மெல்லப் பூசி, கடைசியில் அந்தப் பகுதியை மட்டும் லாஸோவால் 30 பிக்சல் Feather-ஓடு சுற்றி ஒரு முறை மங்கலாக்கினால் பிரஷ் தடங்களும் கரைந்துவிடும். கறையைச் சுற்றி லாஸோ போட்டு எடுத்தவுடனேயே மங்கலாக்குவது சில வீடியோக்களில் காட்டப்படும் குறுக்குவழி. சிறிய திட்டுகளுக்கு அது சரி. 200 பிக்சல் கறையில் அது கறையைப் பரப்பித்தான் விடும், எடுக்காது.

அடுத்தது ரேகை லேயரில் இருக்கும் வளையம். இங்கே பிரஷ்ஷின் குணம் நேர்மாறாக இருக்க வேண்டும்: சின்னது, ஓரம் கடினமானது, Flow 100. மென்மையான ஓரத்தோடு பூசினால் பழைய துளையும் புதிய துளையும் பாதிப் பாதியாகக் கலந்து இரண்டும் மங்கிப்போகும். தப்பிக்க நினைத்த அந்த மெழுகுத்தன்மை மறுபடி வந்துவிடும். நல்ல துளைகள் இருக்கும் இடத்தை Clone Stamp-ஆல் எடுத்து வளையத்தின்மேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு சில அங்குலத்துக்கும் எடுக்கும் இடத்தை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒரே துளைக்கூட்டம் மூன்று இடத்தில் இரட்டைப் பிள்ளைகளாக நிற்கும். தள்ளி நின்று பார்க்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும். சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலேயே நகலெடுக்க வேண்டும். வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும். ஏனென்றால் ரேகை லேயரில் இருப்பது துளை அல்ல, துளையின் மேல் விழுந்த வெளிச்சமும் நிழலும். வளைவின் மறுபக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினால் குழி மேடாகத் தெரியும்.

இதற்குப் பிறகும் சில படங்களில் ஏதோ ஒன்று உறுத்தும். நிறம் சரி, வளையம் இல்லை, துளைகளும் இருக்கின்றன. ஆனாலும் அந்த வட்டத்துக்குள் தோல் கொஞ்சம் சோர்ந்திருக்கும். இருண்ட இடத்தில் வெளிச்ச வித்தியாசங்களும் சுருங்கியே பதிவாகும். வெளிறிய தோலில் மேட்டுக்கும் குழிக்கும் 20 வித்தியாசம் என்றால், கறைக்குள் அது 13, 14 ஆக இருந்திருக்கலாம். நிறத்தை மட்டும் தூக்கிவிட்டோம். துளைகள் இன்னும் இருட்டில் இருந்த பலத்தோடுதான் இருக்கின்றன. ரேகை லேயரின்மேல் Curves லேயர் ஒன்றை அதற்கு மட்டும் படும்படி கிளிப் செய்து, நடுச்சாம்பல் நகராமல் கோட்டைச் சற்றே செங்குத்தாக்கி, மாஸ்க்கால் அந்த வட்டத்துக்கு மட்டும் காட்டினால் துளைகளுக்கு உயிர் திரும்பும். பிரித்து வேலை செய்வதன் அருமை முழுமையாகத் தெரிவது இந்த இடத்தில்தான். இதைச் சாதாரண பிரஷ்ஷால் செய்ய வழியே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம், கண்ணைக் கூசும் பளபளப்பு. ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து 255-இல் முட்டி நிற்கும் இடத்தில் கேமரா எதையுமே பதிவு செய்யவில்லை. பிரித்துப் பார்த்தால் ரேகை லேயரில் அங்கே வெறும் சாம்பல். நிற லேயரில் எவ்வளவு கருக்கினாலும் தட்டையான திட்டுதான் கிடைக்கும். அங்கே வேறிடத்துத் துளைகளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அல்லது படத்தையே மறுபடி எடுக்க வேண்டும்.

இன்னொரு எல்லை, தையலும் ஓரமும். கறை பையின் தையலுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால், மங்கலாக்கும்போது வெள்ளை நூலின் வெளிச்சம் தோலுக்குள் கசிந்திருக்கும். நிற லேயரில் அந்தக் கசிவைக் கறை என்று நினைத்துத் துடைத்தால், ரேகை லேயரில் அதற்கு ஈடாக எழுதப்பட்டிருந்த கருப்புக் கோடு துணையில்லாமல் நின்று, நூலைச் சுற்றி ஒரு நிழல் வரும். ஓரத்திலிருந்து மங்கல் அளவைப்போல இரண்டு மடங்காவது தள்ளி நிற்பது பாதுகாப்பு. தள்ளி நிற்க முடியாதபோது, Gaussian Blur-க்குப் பதில் ஓரங்களைக் கலக்காத Surface Blur-ஐக் கொண்டு நிற லேயரை உருவாக்கலாம். கழித்தல் கணக்கு எந்த மங்கலுக்கும் பொருந்தும் என்பதால் படம் முழுமையாகவே திரும்பி வரும்.

மனிதத் தோலிலும் கேள்வி அதேதான்: குறை எந்த லேயரில் இருக்கிறது? கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம், வெயிலில் கருத்த திட்டு, பரு போன பிறகு நிற்கும் பழுப்புத் தடம் ஆகியவை நிற லேயரில் இருப்பவை; ரேகையைத் தொடவே வேண்டாம். புதிதாக வந்த பருவில் சிவப்பு ஒரு லேயரிலும், மேட்டின் உச்சியில் இருக்கும் பளபளப்பு இன்னொன்றிலும் இருக்கும். பழைய தழும்பில் துளைகளே இருக்காது; அதற்கு ரேகையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அதையும் அதே கன்னத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மூக்கின் துளைகள் பெரியவை, நெற்றியில் கிடைமட்டக் கோடுகள் ஓடும், தாடையில் பூனைமயிர் கீழ்நோக்கிச் சாயும். நெற்றித் தோலைக் கன்னத்தில் ஒட்டினால் காரணம் சொல்லத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த முகம் அன்னியமாகப்படும்.

மனித முகத்தில் பெரிதாகக் கெடுவது ரேகையால் அல்ல, நிற லேயரில் காட்டும் பேராசையால். ரேகைதான் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியத்தில் முகம் முழுவதும் லாஸோ போட்டு மங்கலாக்குகிறார்கள். துளைகள் எல்லாம் இருக்கும். ஆனால் கன்ன எலும்புக்குக் கீழே விழும் நிழல், உதட்டோரத்து மடிப்பு, மூக்குப் பக்கத்துச் சரிவு எல்லாம் சமமாகிவிடும். துளை அச்சடித்த தட்டையான ரப்பர் முகம் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க, படத்தைச் சின்னதாக்கிக் கட்டைவிரல் அளவில் பார்த்தாலே போதும். அந்த அளவில் துளை தெரியாது. முகத்தின் வடிவம் மட்டும்தான் தெரியும். அதேபோல ரேகையைச் சோதிக்கும்போது 100 சதவீதத்தில் மட்டுமே பார்க்க வேண்டும். நிறத் திட்டுகளைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயரை வைத்து கான்ட்ராஸ்ட்டைத் தாறுமாறாக ஏற்றிப் பார்ப்பது வழக்கம். சாதாரணமாகத் தெரியாத மேடுபள்ளங்கள் அதில் வரைபடம்போலத் தெரியும். சோதித்ததும் அந்த லேயரை அழித்துவிட வேண்டும்.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்களுக்கு இலவச மென்பொருளான GIMP-இல் இதே வழி இருக்கிறது. அதில் Grain extract, Grain merge என்ற இரண்டு கலப்பு முறைகள் கழித்தலையும் கூட்டலையும் செய்கின்றன. Wavelet decompose என்ற வசதி படத்தை இரண்டாக அல்லாமல் ஐந்து, ஆறு அடுக்குகளாகவே பிரித்துத் தந்துவிடும். நம் கறையின் விளிம்பு அவற்றில் ஓரிரண்டு அடுக்குகளில் பளிச்சென்று தெரியும். அங்கே மட்டும் தொட்டால் போதும்.

எந்தக் குறையை எடுக்கலாம் என்பது கருவி முடிவு செய்கிற விஷயம் இல்லை. 2011-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், ஜூலியா ராபர்ட்ஸும் கிறிஸ்டி டர்லிங்டனும் தோன்றிய லோரியல் நிறுவனத்தின் இரண்டு ஃபவுண்டேஷன் விளம்பரங்களைத் தடை செய்தது. தோலுக்குப் பூசும் பொருள் தரும் பலனைத்தான் படம் காட்டுகிறது, திருத்தம் தந்த பலனை அல்ல என்று நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. கைப்பைக்கும் இதே கணக்கு பொருந்தும். படப்பிடிப்பு மேசையில் விழுந்த சொட்டு, விற்பனைக்கு வரும் மற்ற பைகளில் இல்லை. அதைப் படத்தில் எடுத்துவிடலாம். பழைய பை ஒன்றையே விற்கும்போது, வாங்குபவர் வீட்டுக்கு அந்தக் கறையோடுதான் பை போய்ச் சேரப்போகிறது. அந்தப் படத்தில் வட்டம் அப்படியே இருக்க வேண்டும். தூசியையும் ஃபிளாஷ் பளபளப்பையும் மட்டும் எடுத்தால் போதும்.